லாட்ஜ் அறையில் பதினைந்து நிமிடம்: கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் உடற்பயிற்சித் திட்டம்

சிங்கிள் ரூம் என்று சாவி கொடுக்கிற அறைகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். ஒரு கட்டில், ஒரு சின்ன மேஜை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு டிவி. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நீட்டிப் படுக்க இடம் இருக்கும். அந்த இடத்தில் என்ன செய்யலாம், எந்த வரிசையில், எத்தனை நொடி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலைக்காக ஊர் ஊராகப் போய்த் தங்குகிறவர்கள், இதுவரை முறையாக உடற்பயிற்சி செய்யாதவர்கள், இவர்களை மனதில் வைத்துப் போட்ட திட்டம் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் குதிக்கிற பயிற்சி எதுவும் கிடையாது. யூடியூபில் 'அறையிலேயே செய்யலாம்' என்று வருகிற பாதிப் பயிற்சிகளில் ஆள் தொப்புத் தொப்பென்று குதித்துக்கொண்டே இருப்பார். லாட்ஜில் காலை ஆறு மணிக்கு அப்படிக் குதித்தால் கீழறைக்காரர் ரிசப்ஷனுக்குப் போன் போடுவார். டைல்ஸ் தரையில் வியர்வைச் சொட்டு விழுந்தால் கால் வழுக்கும். அதோடு, நாலைந்து மணி நேரம் பேருந்தில் மடங்கிக் கிடந்த உடம்பை எடுத்த எடுப்பிலேயே குதிக்கவிட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு.

அப்படியானால் எடையும் இல்லாமல் குதியும் இல்லாமல் தசைக்கு வேலை எப்படிக் கிடைக்கும்? இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மெதுவாக இறங்குவது. இன்னொன்று, உடம்பின் சாய்வை மாற்றுவது. படபடவென்று இருபது தண்டால் எடுக்கிறவரை மூன்று நொடி எடுத்து இறங்கி, ஒரு நொடியில் ஏறச் சொல்லிப் பாருங்கள். எட்டாவதில் கை நடுங்கும். கையைச் சுவரில் ஊன்றினால் சுலபம், கட்டிலில் ஊன்றினால் நடுத்தரம், தரையில் ஊன்றினால் கடினம். இந்த இரண்டையும் வைத்துத்தான் முழுத் திட்டமும் ஓடுகிறது.

தொடங்கும் முன் அறையைப் பாருங்கள்

கட்டிலின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளுங்கள். இடம் கிடைக்கும், அதைவிட முக்கியமாகக் கட்டில் நகராது. தள்ளிய பிறகு எதிர்ப்பக்கத்து விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி முழு எடையைப் போட்டுப் பாருங்கள். ஆடினாலோ அசைந்தாலோ அதன்மேல் தண்டால் வேண்டாம். மேஜைக்கும் இதே சோதனைதான்.

பிளாஸ்டிக் நாற்காலியை வாசல் பக்கம் ஒதுக்கிவிடுங்கள். நாற்காலியில் பின்பக்கமாகக் கையூன்றி இறங்கி ஏறுகிற பயிற்சி ஒன்று உண்டு. டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் கால் சர்ரென்று விலகினால் தோள்பட்டைக்குத்தான் அடி. வாஷ்பேசினும் வேண்டாம். உயரம் சரியாக இருக்கிறதே என்று கை போகும். ஆனால் அது சுவரில் இரண்டு போல்ட்டில் தொங்குகிற பொருள்.

தரையில் விரிக்க ஒரு போர்வை, பக்கத்தில் ஒரு துண்டு. லாட்ஜில் தருகிற டர்க்கி டவலைவிட வீட்டிலிருந்து எடுத்துப் போகிற ஈரிழைத் துண்டு இதற்கு நல்லது. நீளமாக இருக்கும், பிடிக்க வாகாக இருக்கும், இழுத்தால் கிழியாது. செருப்போ சாக்ஸோ வேண்டாம், வெறுங்கால்தான் டைல்ஸில் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

போனில் ஸ்டாப்வாட்ச் போதும், தனியாக ஆப் தேவையில்லை. நடுப்பகுதியில் ஒவ்வொரு பயிற்சிக்கும் 45 நொடி: 35 நொடி வேலை, 10 நொடி அடுத்ததற்கு மாற. அதனால் 0:45, 1:30, 2:15, 3:00 என்ற நான்கு எண்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை காலைதான் வசதி. பல லாட்ஜ்களில் வெந்நீர் காலையில் சில மணி நேரம்தான் வரும். அது நிற்பதற்கு அரை மணி முன் பயிற்சியை முடிக்கிற மாதிரி எழுந்தால் குளியலும் சரியாக அமையும். மாலையில் செய்வதானால் சாப்பாட்டுக்கு முன்னால். சாப்பிட்டுவிட்டால் இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

யார் இதைத் தள்ளிப்போட வேண்டும்

கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதய நோய், அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பயணத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து வந்தால் காலின் ஆழ்நாளங்களில் ரத்தம் உறைகிற வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. இரண்டு பாதமும் ஒரே மாதிரி லேசாக வீங்கியிருந்தால் பெரும்பாலும் உட்கார்ந்து வந்ததன் விளைவுதான், நடந்தால் வடிந்துவிடும். ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு என்றால் பயிற்சியும் வேண்டாம், தேய்த்துவிடவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. பயிற்சியின் நடுவே நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், சுற்றை முடித்துவிட்டு என்று காத்திருக்கக் கூடாது.

0 முதல் 3 நிமிடம்: உடம்பைச் சூடேற்றுவது

முதல் நிமிடம், நின்ற இடத்தில் நடை. முழங்கால் இடுப்பளவு வரட்டும், கை வீச்சு இருக்கட்டும், பாதம் சத்தமில்லாமல் இறங்கட்டும். சத்தம் கேட்டால் குதிகாலைப் போட்டு மிதிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது நிமிடம் சுவருக்கு முதுகைக் காட்டி, ஓர் அடி தள்ளி நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்தி, முதுகை நேராக வைத்தபடி பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். மார்பு தானாக முன்னால் சாயும். பிறகு நிமிருங்கள். பத்துப் பன்னிரண்டு முறை, மெதுவாக. பின்தொடை இழுபடுவது தெரிய வேண்டும், இடுப்புக்கு மேலே முதுகில் எதுவும் தெரியக் கூடாது. முதுகு வளைகிறதோ என்று சந்தேகமாக இருந்தால் ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையை இடுப்பின் பின்புறமும் வைத்துக்கொண்டு செய்யுங்கள், வளைவது கைக்குத் தெரிந்துவிடும்.

குனிந்து கால் விரலைத் தொடுவதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். இரவெல்லாம் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டுகள் நீரை இழுத்துக்கொண்டு உப்பியிருக்கும். காலையில் நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பது அதனால்தான். அந்த நிலையில் முதுகை முழுசாக வளைத்தால் வட்டின் மேல் அழுத்தம் கூடுதலாக விழுகிறது. எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆழமாகக் குனிவதைத் தவிர்ப்பது நல்லது, ஏற்கெனவே இடுப்பு வலி இருப்பவர்களுக்கு இன்னும் நல்லது. இடுப்பு மூட்டிலிருந்து சாய்வது வேறு, முதுகை வளைப்பது வேறு. இந்த ஒரு நிமிடம் அந்த வித்தியாசத்தைப் பழக்கத்தான்.

மூன்றாவது நிமிடத்தில் முதல் பாதி, சுவரில் முதுகைச் சாய்த்து நின்று இரண்டு கையையும் சுவரோடு உரசியபடி தலைக்கு மேலே கொண்டுபோய் இறக்குவது. கை முழுசாகச் சுவரைத் தொடாவிட்டால் பரவாயில்லை, முடிந்தவரை. மறு பாதி, சுவரில் விரல் நுனியைத் தொட்டுக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் காலில் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளும். பேருந்துப் பயணத்துக்கு மறுநாள் இந்த அரை நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்.

3 முதல் 12 நிமிடம்: நான்கு பயிற்சி, மூன்று சுற்று

பஸ்கி, தண்டால், இடுப்பு உயர்த்தல், துண்டு இழுப்பு. இந்த வரிசையில் ஒரு சுற்று, பிறகு அப்படியே இன்னும் இரண்டு. கால், கை, கால், கை என்று மாறி மாறி வருவதால் ஒன்று வேலை செய்யும்போது இன்னொன்று ஓய்வெடுக்கும். தனியாக இடைவேளை தேவைப்படாததற்குக் காரணம் அதுதான்.

*பஸ்கி.* கட்டிலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பாதங்கள் தோள் அகலம், விரல்கள் லேசாக வெளிப்பக்கம். கையை முன்னால் நீட்டி, மூன்று நொடி எண்ணியபடி இறங்குங்கள். பிட்டம் மெத்தையைத் தொட்டதும், எடையை அதில் போடாமல், ஒரு நொடியில் எழுந்திருங்கள். 35 நொடியில் எட்டு வரும். பத்துப் பன்னிரண்டு வந்தால் எண்ணிக்கை வேகமாகப் போகிறது.

தப்பு நடப்பதைக் கட்டிலே சொல்லிவிடும். கிரீச்சென்று சத்தம் வந்தால் கடைசி நாலு விரற்கடை தூரம் தசை தாங்காமல் தொப்பென்று உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்படியானால் மெத்தையின் மேல் தலையணை ஒன்றை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். முழங்கால்கள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சாய்வது இரண்டாவது தப்பு. இதை நீங்களாக உணர்வது கடினம், பீரோக் கண்ணாடி இருந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் முழங்காலைச் சுண்டுவிரல் பக்கம் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு எழுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பினால் பாதத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக வையுங்கள். முழங்கால் சில்லுக்குப் பின்னால் குத்தினால் உயரத்தைக் கூட்டிப் பாருங்கள், அப்போதும் குத்தினால் இன்றைக்குப் பஸ்கியை விட்டுவிட்டு இடுப்பு உயர்த்தலையே இரண்டு முறை செய்யலாம்.

*தண்டால்.* எங்கே கையை ஊன்றுவது என்பதுதான் இங்கே எல்லாமே. தரையில் ஊன்றி எடுக்கும் முழுத் தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய 64 சதவீதம் கையில் விழுகிறது. கையை இரண்டடி உயரத்தில் ஊன்றினால் அது 41 சதவீதமாகக் குறைகிறது. முழங்காலை ஊன்றித் தரையில் எடுத்தால் 49. லாட்ஜ் கட்டில் பெரும்பாலும் ஒன்றரை அடி, அதனால் அங்கே கிட்டத்தட்ட பாதி எடை. மேஜை இரண்டரை அடி இருக்கும், இன்னும் சுலபம். சுவர் எல்லாவற்றையும்விடச் சுலபம். 78 கிலோ ஆளுக்கு இரண்டடி உயரத்தில் 32 கிலோ, தரையில் 50 கிலோ. ஜிம்முக்குப் போகாமலே எடையை ஏற்றி இறக்குகிற வசதி இந்த உயர மாற்றத்தில் இருக்கிறது.

கை தோளைவிடக் கொஞ்சம் அகலம். இறங்கும்போது முழங்கை பக்கவாட்டில் சிறகு மாதிரி விரியாமல், உடம்போடு 45 பாகை அளவில் பின்னால் போகட்டும். விரிந்தால் தோள் மூட்டின் முன்பக்கம் வலிக்கும். தலை முதல் குதிகால் வரை ஒரே கோடு. பிட்டத்தை இறுக்கி வைத்தால் இடுப்பு தொங்காது. வயிறு கட்டிலை முதலில் தொட்டால் இடுப்பு தொங்கிவிட்டது. மார்புதான் முதலில் போக வேண்டும். மூன்று நொடி இறங்கி, ஒரு நொடியில் ஏறுங்கள். மூச்சை அடக்காமல் ஏறும்போது வெளியே விடுங்கள்.

மணிக்கட்டு வலித்தால் கட்டிலின் மரவிளிம்பையே கையால் பற்றிக்கொள்ளலாம், உள்ளங்கை மடங்காது.

*இடுப்பு உயர்த்தல்.* விரித்த போர்வையில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். கையை நீட்டினால் விரல் நுனி குதிகாலைத் தொடுகிற தூரம். குதிகாலால் தரையை அழுத்தி இடுப்பை உயர்த்தி, மேலே இரண்டு நொடி நிறுத்தி, இரண்டு நொடியில் இறக்குங்கள். பேருந்தில் மணிக்கணக்கில் அமுங்கியே கிடக்கிற தசை பிட்டம்தான். அதற்கு நேரடியாக வேலை கொடுப்பது இது.

பின்தொடை இழுத்துப் பிடித்தால் குதிகால் தூரத்தில் இருக்கிறது, பக்கத்தில் இழுத்துக்கொள்ளுங்கள். இடுப்பின் பின்புறம் பிடித்தால் அளவுக்கு மீறி உயர்த்துகிறீர்கள். தோள், இடுப்பு, முழங்கால் ஒரே சரிவில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். வேலை சரியான இடத்தில்தான் நடக்கிறதா என்று பார்க்க, மேலே நிறுத்தியிருக்கும்போது விரலால் பிட்டத்தை அழுத்திப் பாருங்கள், கல் போல இருக்க வேண்டும்.

*துண்டு இழுப்பு.* கருவியில்லாத பயிற்சிகளில் எப்போதும் விட்டுப்போவது இழுக்கிற வேலை. தள்ளுவதற்குத் தரை இருக்கிறது, இழுப்பதற்கு எதுவும் இல்லை. இதற்குத் துண்டைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. லாட்ஜ் கதவின் கைப்பிடி ஸ்க்ரூ எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதனால் அது வேண்டாம். நம் காலையே எதிராளியாக வைத்துக்கொள்ளலாம்.

தரையில் உட்கார்ந்து முழங்காலை மடக்கி, துண்டை இரண்டு பாதங்களின் நடுப்பகுதியில் மாட்டி, இரு முனைகளையும் இறுக்கிப் பிடியுங்கள். முதுகை நிமிர்த்துங்கள். காலால் தள்ளிக்கொண்டே முழங்கையைப் பின்னால், விலாவை ஒட்டி இழுங்கள். எதுவும் நகராது, நகரக் கூடாது. ஐந்து நொடி இழுத்து, இரண்டு நொடி தளர்த்துங்கள். 35 நொடியில் ஐந்து இழுப்பு. தோள் காது பக்கம் ஏறிக்கொண்டால் கழுத்துதான் வேலை செய்கிறது. தோளைக் கீழே இறக்கி, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகின் நடுவே கொண்டுவருகிற மாதிரி இழுங்கள்.

அசையாமல் தம் பிடிக்கிற பயிற்சியில் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், மூச்சை அடக்கினால் இன்னும் ஏறும். அதனால் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போது மூச்சை அடக்க முடியாது. முழுப் பலத்தோடு இழுக்கவும் வேண்டாம், பத்துக்கு ஏழு போதும்.

12 முதல் 15 நிமிடம்: நீட்டி விடுவது

போர்வையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலை முன்னால் மடக்கி வையுங்கள். ஊன்றிய காலின் பக்கத்துப் பிட்டத்தை இறுக்கி, இடுப்பை ஒரு விரற்கடை முன்னால் நகர்த்துங்கள். தொடையின் மேல்பகுதியில், தொடைச்சந்துக்குக் கீழே இழுப்பு தெரியும். உட்கார்ந்தே பயணம் செய்கிறவர்களுக்கு இறுகிப்போகிற இடம் இது. பக்கத்துக்கு 45 நொடி. நிறையப் பேர் இதில் முதுகைப் பின்னால் வளைத்து, நன்றாக நீள்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பிட்டத்தை இறுக்கியே வைத்திருந்தால் அந்தத் தப்பு நடக்காது.

அடுத்து சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் பதித்துக் கெண்டைக்காலை நீட்டுங்கள். பக்கத்துக்கு 30 நொடி. மிச்சம் இருக்கும் அரை நிமிடம் மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் சாய்த்து வைக்கலாம். பாதம் வீங்கியிருந்தால் இதை ஐந்து நிமிடமாக நீட்டிக்கொள்ளலாம், பதினைந்து நிமிடக் கணக்கில் சேராது.

ஒரு வாரம் எப்படிப் போனது என்று பார்ப்போம்

என் மைத்துனர் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். வயது 43, எடை 78 கிலோ, கல்லூரியை விட்ட பிறகு பயிற்சி என்று எதுவும் கிடையாது. சென்னையிலிருந்து திருச்சி, கரூர், திண்டுக்கல் என்று நான்கு இரவுச் சுற்று அவருடையது. அவருக்கு எழுதிக் கொடுத்த திட்டமும், அது நடந்த விதமும் இது.

திங்கள் இரவு திருச்சிக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. அன்றைக்கு நடுப்பகுதி கிடையாது. சாப்பிடப் போகும்போது கொஞ்சம் சுற்றி நடந்துவிட்டு வந்து, கடைசி மூன்று நிமிட நீட்டல் மட்டும். களைத்து வந்த இரவில் முழுத் திட்டத்தையும் செய்துவிட்டுத் தூக்கம் கெடுவதைவிட இது மேல்.

செவ்வாய் காலை முழுப் பதினைந்து நிமிடம். பஸ்கி 8, 8, 7. தண்டாலைச் சுவரில் தொடங்கினார், 8, 8, 8. "மச்சான், இது ஒண்ணுமே தெரியல, டைம் வேஸ்ட்" என்று போன் வந்தது. சரிதான். மூன்று சுற்றிலும் எட்டு வந்து, இன்னும் இரண்டு மூன்று எடுத்திருக்கலாம் என்று தோன்றினால் அந்த உயரம் அவருக்குப் போதாது.

புதன்கிழமை தொடையும் மார்பும் வலித்தன. பழக்கமில்லாத தசைக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் இப்படி வலிப்பது வழக்கம், மெதுவாக இறங்குகிற பயிற்சியில் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும். தசை முழுக்கப் பரவலாக, தொட்டால் வலித்தால் அது இந்த வகை. மூட்டில் ஒரே புள்ளியில் குத்தினால் அது வேறு, அந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும். அன்று முதல் மூன்று நிமிடமும் கடைசி மூன்று நிமிடமும், நடுவில் லாட்ஜ் மாடிப்படியில் ஒன்பது நிமிடம் ஏறி இறங்கல். பேசிக்கொண்டே ஏறுகிற வேகம்.

வியாழன், கரூர். தண்டாலுக்குக் கட்டில் விளிம்பு. 8, 6, 4. எண்ணிக்கை இப்படிச் சரிந்தால் ஒரே தாவலில் கீழே இறங்கிவிட்டார் என்று பொருள். கடைசிச் சுற்றில் வயிறுதான் முதலில் தொட்டது என்று அவரே சொன்னார். நடு உயரத்துக்கு மேஜை இருந்தது, ஆனால் அது ஆட்டம். மேஜையைச் சுவரோடு முட்டவைத்ததும் ஆட்டம் நின்றது. இனி முதல் சுற்று கட்டிலில், அடுத்த இரண்டும் மேஜையில் என்று வைத்துக்கொண்டோம். மேஜையில் மூன்றாவது சுற்றிலும் எட்டு வந்த பிறகு இரண்டாவது சுற்றையும் கட்டிலுக்கு இறக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு சுற்றாக.

வெள்ளி, திண்டுக்கல். புதன்கிழமை மாதிரியே லேசான நாள். சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பிய பிறகு மூன்றாவது முழு நாள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதுதான் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி வேண்டும். இந்தத் திட்டம் இரண்டாவது பாதியை நிறைவு செய்யும். முதல் பாதிக்கு நடைதான். வாடிக்கையாளர் கடைக்கு ஆட்டோ பிடிக்காமல் நடந்து போவதை எல்லாம் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

எட்டு வந்துவிட்டால் அடுத்து என்ன

பஸ்கியில் மூன்று சுற்றும் எட்டு வந்தால் இறங்கும் நேரத்தை ஐந்து நொடியாக்குங்கள். எண்ணிக்கை ஐந்தாறாகக் குறையும், குறையட்டும். அதுவும் பழகிய பிறகு ஒரு பாதத்தின் மேல்பக்கத்தைப் பின்னால் கட்டில் விளிம்பில் வைத்து, முன்காலில் மட்டும் இறங்கி ஏறுவது. ஒரு விரலால் சுவரைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஒரு சுற்றில் ஒரு கால், அடுத்த சுற்றில் மறு கால். மூன்றாவது சுற்றில் இரண்டு காலும் பாதிப் பாதி நேரம்.

இடுப்பு உயர்த்தலில் ஒரு காலை நீட்டி மறு காலால் மட்டும் உயர்த்தலாம். இது முன்னதைவிட எதிர்பாராத அளவு கடினம், முதல் நாள் நான்கு வந்தாலே போதும். துண்டு இழுப்பில் கூட்ட வேண்டியது பலத்தை, ஏழிலிருந்து எட்டுக்கு. உண்மையில் இந்தத் திட்டத்தின் பலவீனமான கால் இதுதான். முதுகுக்கு நல்ல வளர்ச்சி வேண்டுமென்றால் ஊருக்குத் திரும்பியதும் பூங்காவில் ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கத்தான் வேண்டும்.

நான்கையும் ஒரே நாளில் கடினமாக்க வேண்டாம். ஒரு முழு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வலி வந்தால் எதனால் வந்தது என்று அப்போதுதான் தெரியும்.

ஐந்தே நிமிடம் இருக்கிற காலையில், பேருந்து ஆறரைக்கு என்றால், சூடேற்றலில் சுவர் தொடும் சாய்வையும் குதிகால் உயர்த்தலையும் ஒரு நிமிடத்தில் முடித்து, ஒரே ஒரு சுற்று, பிறகு தொடைச்சந்து நீட்டல் பக்கத்துக்கு அரை நிமிடம். பேருந்தில் ஏறிய பிறகு மணிக்கு ஒரு தடவை, உட்கார்ந்தபடியே குதிகாலை முப்பது முறை உயர்த்தி இறக்கலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத இரவு என்றால் அந்த ஒரு சுற்றும் வேண்டாம். படுத்துத் தூங்குங்கள்.